ஜெனரேட்டர் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை: எஞ்சிய காந்தம் போய்விட்டதா என்று அளந்து கண்டுபிடிப்பது எப்படி

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, சத்தத்திலும் குறை இல்லை. ஆனால் சாக்கெட்டில் விளக்கை மாட்டினால் எரியவில்லை, பேனலில் இருக்கும் வோல்ட் மீட்டரின் முள் அசையவும் இல்லை. பல மாதம் சும்மா கிடந்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை எடுத்து ஓட்டும்போது இப்படி நடப்பதுண்டு. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால், "உள்ளே காந்தம் போயிருக்கும், பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள்.

பல நேரம் அது சரியாகவும் ஆகிவிடும். ஆனால் பேட்டரி தொட்டதும் கரண்ட் வந்துவிட்டது என்பதால், போயிருந்தது காந்தம்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. வேறு ஒரு பழுதும் பேட்டரி தொட்டதும் தற்காலிகமாக மறையும், சில வாரத்தில் மறுபடி தலைகாட்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஓர் அளவுதான். பேட்டரியைத் தொடுவதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும். தொட்ட பிறகு அந்தச் சாட்சி அழிந்துவிடும்.

முதலில், உங்கள் ஜெனரேட்டர் எந்த வகை?

இந்த வழிகாட்டி கார்பன் பிரஷும் ஏ.வி.ஆரும் உள்ள வகைக்கானது. பின்பக்க மூடியைக் கழற்றினால் தண்டின் நுனியில் இரண்டு செம்பு வளையங்கள் தெரியும். அவைதான் ஸ்லிப் ரிங். அவற்றின் மேல் அமர்ந்திருக்கும் சிறு பிளாஸ்டிக் பிடியில் இரண்டு பிரஷ் இருக்கும். பக்கத்திலேயே பிசின் ஊற்றி மூடிய ஒரு சிறிய பெட்டி இருக்கும், அதுதான் ஏ.வி.ஆர்., அதாவது வோல்டேஜைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி. பிரஷ் இல்லாமல் ஒரு உருளைக் கெபாசிட்டர் மட்டும் இருந்தால் அது வேறு வகை. அதைப் பற்றிப் பின்னால் இரண்டு வார்த்தை சொல்கிறேன். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் நிரந்தரக் காந்தமே சுழல்வதால் இங்கே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

சிறு காந்தம் பெரிய வோல்டேஜாக வளர்வது எப்படி

ரோட்டர் என்பது இரும்புக் கட்டையில் சுற்றிய காயில். அதில் நேர்மின்சாரம் பாய்ந்தால்தான் அது வலுவான மின்காந்தமாகி, சுழலும்போது, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் முக்கியக் காயிலில் 230 வோல்ட் பிறக்கும். அந்த நேர்மின்சாரத்தை யார் கொடுப்பது? ஸ்டேட்டரிலேயே தனியாகச் சுற்றியிருக்கும் ஒரு துணைக் காயில் கொடுக்கிறது. ஏ.வி.ஆர். அதை நேர்மின்சாரமாக மாற்றிப் பிரஷ் வழியாக ரோட்டருக்கு அனுப்புகிறது. சரி, ரோட்டர் காந்தமாகும் முன்பு துணைக் காயிலுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

கடைசியாக ஓடி நின்றபோது ரோட்டரின் இரும்பில் தங்கிப்போன கொஞ்சம் காந்தத்திலிருந்து வரும். இதைத்தான் எஞ்சிய காந்தம் என்கிறோம். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது அது ஸ்டேட்டரில் சில வோல்ட்டை உண்டாக்கும். அந்தச் சில வோல்ட் ரோட்டருக்குள் சிறு மின்சாரத்தை அனுப்பும், காந்தம் சற்றுக் கூடும், வோல்டேஜும் கூடும். இப்படி ஒன்றையொன்று தூக்கிவிட்டு ஓரிரு நொடியில் 230-ஐத் தொட்டுவிடும். தனிக் காந்தமே வேண்டாம், இரும்பில் மிச்சமிருக்கும் காந்தமே போதும் என்பதை வெர்னர் ஃபோன் சீமென்ஸும் சார்லஸ் வீட்ஸ்டனும் 1867-லேயே தனித்தனியாக அறிவித்துவிட்டார்கள். இன்றைய சின்ன ஜெனரேட்டரும் அதே வழியில்தான் எழுந்து நிற்கிறது.

இந்தச் சங்கிலி தொடங்க நான்கு தேவை. காந்தம் மிச்சமிருக்க வேண்டும். ஏ.வி.ஆர். அனுப்பும் மின்சாரம் அந்தக் காந்தத்தை வளர்க்கும் திசையில் பாய வேண்டும். வழியில் தடை அதிகம் இருக்கக் கூடாது. வேகம் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: எஞ்சின் ஓடும், கரண்ட் வராது.

கழற்றும் முன்

ஜெனரேட்டரைத் திறந்த வெளியில் வையுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும். எல்லா லோடையும் பிடுங்கிவிடுங்கள். வீட்டு வயரிங்கோடு எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. மீட்டரின் முனைகளை எஞ்சின் நிற்கும்போதே மாட்டி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும் எஞ்சினின் பின்பக்கம் கையை நீட்டவே கூடாது. ஸ்லிப் ரிங் சுழல்வது ஒரு ஆபத்து. இப்போது பூஜ்யம் காட்டும் சாக்கெட்டில் அடுத்த நொடியே 230 வோல்ட் வந்து நிற்கலாம் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

பேனலில் பிரேக்கர் மேலே இருக்கிறதா, கசிவு மின்சாரத்துக்கு ட்ரிப் ஆகும் சுவிட்ச் இருந்தால் அது ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைத் தானாகக் குறைக்கும் சிக்கன சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். இரு துருவ ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்றும், 60 ஹெர்ட்ஸுக்கு 3600 சுற்றும் ஓட வேண்டும். வேகம் நன்றாகக் குறைந்திருந்தால் காந்தம் இருந்தும் வோல்டேஜ் எழும்பாது.

பூஜ்யம் உண்மையான பூஜ்யம்தானா?

அண்மையில் நான் பார்த்த ஒரு ஜெனரேட்டரை வைத்தே மீதியைச் சொல்கிறேன். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இரண்டு கிலோவாட்டுக்குச் சற்று மேல். கடைசியாக ஓடியபோது லோடு மாட்டியிருந்த நிலையிலேயே பெட்ரோல் தீர்ந்து நின்றிருக்கிறது. அதன்பின் 14 மாதம் அப்படியே கிடந்திருக்கிறது. இரண்டுமே காந்தம் போவதற்கான நல்ல காரணங்கள். லோடோடு வேகம் தேய்ந்து நிற்கும்போது, ஸ்டேட்டரில் பாயும் மின்சாரம் ரோட்டரின் காந்தத்தைச் சுரண்டிக்கொண்டே போகும். ஆனாலும் இதையெல்லாம் சந்தேகமாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதலில் எஞ்சினை ஓட்டாமல், மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துச் சாக்கெட்டின் இரண்டு துளைகளுக்கிடையே அளந்தேன். பிரேக்கர் ஆனில்தான் இருந்தது. 1.2 ஓம் வந்தது. மீட்டர் வயரின் சொந்தத் தடை 0.3 ஓமைக் கழித்தால் சுமார் 0.9. இந்த அளவு ஜெனரேட்டரில் முக்கியக் காயிலின் தடை ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்றால், உள்ளே ஒரு வயர் கழன்றிருந்தாலோ பிரேக்கரின் முனை கருகியிருந்தாலோ சாக்கெட்டில் பூஜ்யம்தான் தெரியும். அதைக் காந்தம் போன பூஜ்யம் என்று எண்ணி மணிக்கணக்கில் அலைய நேரிடும். ஓம் அளவு வந்துவிட்டால் சாக்கெட்டிலிருந்து காயில் வரை பாதை இருக்கிறது, இனி அங்கே மீட்டர் காட்டும் வோல்டேஜை நம்பலாம்.

தீர்ப்புச் சொல்லும் அளவு

அடுத்து பின்மூடியைக் கழற்றுங்கள். பிரஷுக்குப் போகும் இரண்டு வயரில் எது பிளஸ், எது மைனஸ் என்று பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் ஏ.வி.ஆரிலோ பிரஷ் பிடியிலோ குறி இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு அந்த இரண்டு வயரையும் பிரஷிலிருந்து கழற்றி, ஏ.வி.ஆரின் பிளக்கையும் பிடுங்கி, எல்லா முனையையும் டேப் சுற்றி ஒதுக்கிவையுங்கள்.

இப்போது ரோட்டருக்கு எந்த மின்சாரமும் போகாது. இந்த நிலையில் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால், சாக்கெட்டில் வரும் ஏ.சி. வோல்டேஜ் முழுக்க முழுக்க எஞ்சிய காந்தம் தருவதுதான். மீட்டரை ஏ.சி. வோல்ட்டின் தாழ்ந்த ரேஞ்சில் வையுங்கள். பேனல் மீட்டர் இந்த அளவுக்கு உதவாது, 3 வோல்ட்டுக்கு அதன் முள் அசையாது.

230 வோல்ட் ஜெனரேட்டரில் நல்ல காந்தம் இருந்தால் பொதுவாக 2 முதல் 6 வோல்ட் வரை வரும், சிலவற்றில் இன்னும் கூடுதலாகவும் வரலாம். 120 வோல்ட் ஜெனரேட்டருக்கு இதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் காந்தம் போய்விட்டது அல்லது போனதற்குச் சமம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இருந்தால் ஆளைப் பொறுத்துச் சொல்வதுபோல ஜெனரேட்டரைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். அடுத்த சோதனைகளையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நான் பார்த்த ஜெனரேட்டரில் 0.4 வோல்ட் வந்தது. அதைத் தாளில் எழுதி வைத்தேன். நீங்களும் எழுதி வையுங்கள், பின்னால் இதைத்தான் ஒப்பிடப் போகிறோம்.

ரோட்டரும் பிரஷும்

எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரஷின் இரண்டு முனைகளுக்கிடையே தடையை அளந்தேன். 59 ஓம். பிரஷ் பிடியைக் கழற்றி, நேராக ஸ்லிப் ரிங் மேலேயே மீட்டரை வைத்தபோது 58. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பிரஷ் நன்றாகத் தொடுகிறது என்று பொருள். இந்த வகைச் சின்ன ஜெனரேட்டர்களின் ரோட்டர் பெரும்பாலும் சில பத்து ஓம்களில் இருக்கும். சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையற்ற தடை காட்டினால் ரோட்டர் காயில் அறுந்திருக்கிறது, பேட்டரி வைத்துப் பயனில்லை. ஒரு ஸ்லிப் ரிங்குக்கும் தண்டுக்கும் இடையே மட்டும் எல்லையற்ற தடைதான் காட்ட வேண்டும். அங்கே ஓம் அளவு ஏதாவது வந்தால் காயில் இரும்பைத் தொட்டுவிட்டது.

பிரஷில் 300 ஓம், ரிங்கில் 58 ஓம் என்று வந்தாலோ, தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது பிரஷ் அளவு தாவித் தாவி மாறினாலோ, அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அதற்குத் திரும்பி வருகிறேன்.

12 வோல்ட் சோதனை

இப்போதுதான் பேட்டரியின் முறை. ஏ.வி.ஆர். இன்னும் கழன்றே இருக்க வேண்டும். அது மாட்டியிருக்கும்போது பேட்டரியை மாற்றி வைத்துவிட்டால் ஏ.வி.ஆர். எரிந்துபோகும். சரியாகவே வைத்தாலும், வோல்டேஜ் எழும்பியதும் அது பேட்டரிக்குள் தள்ளப் பார்க்கும்.

எஞ்சின் நிற்கும்போது 12 வோல்ட் பேட்டரியின் பிளஸை, இடையில் ஓர் ஆம்பியர் ஃபியூஸும் சிறு சுவிட்சும் வைத்து, பிளஸ் பிரஷில் மாட்டுங்கள். மைனஸை மைனஸ் பிரஷில் மாட்டுங்கள். வயர்கள் சுழலும் பாகத்தைத் தொடாதபடி கட்டிவையுங்கள். சுவிட்சைப் போட்டு, பிறகு எஞ்சினை ஓட்டிச் சாக்கெட்டில் அளங்கள்.

58 ஓம் ரோட்டரில் 12.4 வோல்ட் வைத்தால் சுமார் 0.21 ஆம்பியர் பாயும். இது மிகச் சிறிய மின்சாரம், ரோட்டர் சூடாகாது, நிதானமாக அளக்கலாம். சாக்கெட்டில் 84 வோல்ட் வந்தது. லோடு இல்லாமல் 230 தர இந்த ரோட்டருக்கு முப்பது வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படும் என்பதால், 12 வோல்ட்டுக்கு 84 என்பது நல்ல பதில். ரோட்டரும் முக்கியக் காயிலும் நலம் என்று இதிலேயே தெரிந்துவிட்டது. இங்கே பத்துப் பன்னிரண்டு வோல்ட் மட்டும் வந்து எஞ்சினும் திணறினால், ஸ்டேட்டர் காயிலில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இதே ஓட்டத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். எஞ்சினை நிறுத்தி, மீட்டரைத் துணைக் காயிலின் இரண்டு வயரில் மாட்டி, மறுபடி ஓட்டுங்கள். எனக்கு 37 வோல்ட் வந்தது. முக்கியக் காயில் 84 தரும்போது துணைக் காயிலும் தன் பங்குக்குக் கணிசமாகத் தருகிறது, அவ்வளவு தெரிந்தால் போதும். இங்கே பூஜ்யம் என்றால் துணைக் காயிலோ அதன் வயரோ அறுந்திருக்கிறது. அந்த நிலையில் எத்தனை முறை காந்தம் ஏற்றினாலும் ஜெனரேட்டர் தானாக எழும்பாது.

முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, அப்புறம் கிளிப்பைக் கழற்றுங்கள். காயிலில் பாயும் மின்சாரத்தைத் திடீரென அறுத்தால் அது உதைக்கும். வெறுங்கையில் கிளிப்பைப் பிடித்துப் பிடுங்கினால் நல்ல ஷாக் அடிக்கும்.

மறுபடி அதே அளவு

ரோட்டரில் நேர்மின்சாரம் பாய்ந்ததால், காந்தம் ஏற்றும் வேலையும் அந்தச் சோதனையோடு சேர்ந்தே முடிந்துவிட்டது. உடனே ஏ.வி.ஆரை மாட்ட ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். பேட்டரியும் இல்லாமல், ஏ.வி.ஆரும் இல்லாமல், முதலில் செய்தபடியே ஒருமுறை ஓட்டி அளங்கள்.

எனக்கு 4.2 வோல்ட் வந்தது. முன்பு 0.4, இப்போது 4.2. நடுவில் ரோட்டருக்குள் 12 வோல்ட் அனுப்பியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. காந்தம் போயிருந்தது என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. எஞ்சினை நிறுத்தி, படத்தைப் பார்த்து வயர்களை அதே இடத்தில் மாட்டி ஓட்டியதும், இரண்டு நொடிக்குள் 228-க்கு ஏறி நின்றது.

4 வோல்ட் வந்தும், ஏ.வி.ஆரை மாட்டிய பிறகு எழும்பவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பேட்டரியை மாற்றி மாட்டிவிட்டீர்கள். ஏ.வி.ஆர். எப்போதும் ஒரே திசையில்தான் ரோட்டருக்கு மின்சாரம் அனுப்பும். இரும்பில் உள்ள காந்தம் எதிர்த் திசையில் இருந்தால், அது வளர்வதற்குப் பதில் தேயும். ஏ.வி.ஆரை மாட்டியதும் 4.2 ஆக இருந்தது ஏறாமல் அங்கேயே நின்றாலோ இறங்கினாலோ முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஏ.வி.ஆரைக் கழற்றிச் சரியான திசையில் மறுபடி காந்தம் ஏற்றினால் போதும். திசை சரி, துணைக் காயிலும் சரி என்றால் மிஞ்சுவது ஏ.வி.ஆர்தான். அதை மாற்றும் முடிவுக்கு இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் போக வேண்டும்.

காந்தம் போனதுபோலவே தோன்றும் இன்னொன்று

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பழுது இதுதான். வேறொரு ஜெனரேட்டர், ஏறக்குறைய இதே அளவு. பேட்டரி தொட்டால் கரண்ட் வரும், இரண்டு மூன்று வாரம் சும்மா இருந்தால் மறுபடி வராது. அதை வைத்திருந்தவர் நான்கு முறை பேட்டரி தொட்டிருந்தார். "இந்த ரோட்டர் இரும்பில் காந்தம் நிற்காது" என்று சொல்லி, ரோட்டரையே மாற்றும் எண்ணத்தில் இருந்தார். கரண்ட் வராத நிலையில் ஏ.வி.ஆரைக் கழற்றி ஓட்டிப் பார்த்தால் 3.8 வோல்ட் காட்டியது. காந்தம் எங்கும் போகவில்லை.

ஸ்லிப் ரிங் கறுத்துப்போய் இருந்தது. ஈரக் காற்றில் நின்ற ரிங்கின் மேல் படிந்த மெல்லிய படலம் மின்சாரத்தை மறித்துக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் துணைக் காயில் தரும் ஓரிரு வோல்ட்டில் கணிசமான பங்கை ஏ.வி.ஆருக்குள் இருக்கும் டயோடுகளே எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கும் துளி வோல்ட்டால் அந்தப் படலத்தைத் துளைக்க முடியாது. பேட்டரியின் 12 வோல்ட்டால் முடியும். அதனால்தான் பேட்டரி தொட்டதும் மந்திரம் போட்டதுபோல வேலை செய்தது. துளைத்துப் பாதை கிடைத்த பிறகு ஜெனரேட்டர் தன் சொந்த வோல்டேஜிலேயே அதைத் தக்கவைத்துக்கொண்டது. நின்று ஈரம் ஏறியதும் படலம் திரும்பி வந்தது. பிரஷில் 300, ரிங்கில் 58 என்ற அளவைச் சாதாரணமாக விடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ரிங்கை மிக மென்மையான உப்புத்தாளால் சுற்றுவாக்கில் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பிரஷைப் பிடிக்குள் தடையின்றி நகரும்படி செய்ததோடு அந்தத் தொல்லை முடிந்தது. பேட்டரியே தேவைப்படவில்லை.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

கெபாசிட்டர் வகையில் 3, 4 வோல்ட் காட்டி அங்கேயே நின்றால், காந்தம் இருக்கிறது, பெரும்பாலும் கெபாசிட்டர்தான் கெட்டிருக்கும். எஞ்சினை நிறுத்தி, காப்புள்ள தடை வழியாக அதன் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோ ஃபாரட் எண்ணோடு ஒப்பிட்டு அளங்கள். அது சரியாக இருந்தால் ரோட்டரில் உள்ள டயோடைப் பார்க்க வேண்டும். அங்கே பிரஷ் இல்லாததால் மேலே சொன்னபடி பேட்டரி மாட்ட வழியில்லை. காந்தம் ஏற்றும் முறை ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும் என்பதால் அதன் கையேட்டையே பின்பற்றுங்கள்.

வயர் உள்ள மின்சார டிரில்லைச் சாக்கெட்டில் மாட்டி, அதன் பட்டனை அழுத்திக்கொண்டு தலையை எதிர்ப்பக்கமாகக் கையால் சுற்றுவது பலர் சொல்லும் இன்னொரு வழி. டிரில்லின் மோட்டார் ஒரு நொடி சிறு ஜெனரேட்டராக மாறி ஸ்டேட்டருக்கு ஓர் உந்துதல் கொடுக்கும், சில நேரம் பலிக்கும். ஆனால் வோல்டேஜ் எழும்பிய அதே கணம் டிரில் முழு வேகத்தில் கையிலேயே சுழலத் தொடங்கும். தவிர, எந்த அளவும் எடுக்காமல் முடிந்துபோவதால், பழுது காந்தமா கறுத்த ரிங்கா என்பது தெரியாமலே போய்விடும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

காந்தம் ஏற்றிய பிறகு ஒரு மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டுங்கள். நிறுத்தும்போது முதலில் லோடைப் பிடுங்கி, இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, பிறகு அணையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஏ.வி.ஆரைக் கழற்றி அந்த ஒரு அளவை மட்டும் எடுத்துப் பாருங்கள். 4.2 போட்ட ஜெனரேட்டர் எனக்கு அப்போது 4.0 காட்டியது. மூடியை மாட்டிக் கொடுத்துவிட்டேன்.